டெபாசிட் கட்டினால் கார்டு மெஷின்: கும்பகோணம் பாத்திரக் கடை ஒன்றில் நடந்த மோசடி

சிறு கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். என்னிடம் கணக்கு வைத்திருக்கும் கடைக்காரர் ஒருவர், கார்டு மெஷின் தருவதாக வந்த ஒரு போன் அழைப்பை நம்பி மூன்றே நாளில் 21,239 ரூபாயை இழந்தார். அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். கடையை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். தொகையைப் பார்த்து இதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிட முடியாது. பணம் போனபிறகு அவருடைய ஆவணங்களை வைத்து நடந்த முயற்சிதான் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது.

கடை கும்பகோணத்தில். பித்தளைப் பாத்திரம், குத்துவிளக்கு, பூஜை சாமான் வியாபாரம். கோயில்களுக்கு வரும் வெளியூர்க்காரர்கள், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் குடும்பங்கள், முகூர்த்த மாதங்களில் சீர்வரிசை வாங்க வருபவர்கள் என்று கலவையான கூட்டம். உள்ளூர்க்காரர்கள் க்யூஆரை ஸ்கேன் செய்து கட்டிவிடுவார்கள். ஐந்தடி விளக்கு ஒரு ஜோடி வாங்குபவர் கிரெடிட் கார்டை நீட்டினால் கடைக்காரருக்குச் சங்கடம். "மெஷின் இல்லையா? அப்ப பரவாயில்லை" என்று திரும்பிப் போனவர்களை அவர் பார்த்திருக்கிறார். ஆகவே மெஷின் வாங்கும் எண்ணம் அவருக்கு ஏற்கனவே இருந்தது. அழைப்பு வந்தது அப்படிப்பட்டவருக்கு.

திங்கட்கிழமை மதியம் மூன்று மணி வாக்கில், கடையில் ஆள் நடமாட்டம் குறைந்த நேரத்தில், ஒரு பெண் கூப்பிட்டார். சாதாரணப் பத்து இலக்க மொபைல் எண். ஒரு தனியார் வங்கியின் பெயரைச் சொல்லி, அதன் மெர்ச்சன்ட் பிரிவிலிருந்து பேசுவதாகச் சொன்னார். "சார், உங்க ஜிஎஸ்டி நம்பர் 33ல ஆரம்பிக்குதுல்ல? கன்ஃபார்ம் பண்ணிக்கறேன்" என்று பதினைந்து இலக்கங்களையும் வாசித்தார். அடுத்து பான் எண்ணையும் வாசித்தார். கடைக்காரர் இதில்தான் முதலில் நம்பிவிட்டார். "என் பான் நம்பர் வங்கியைத் தவிர வேற யாருக்குத் தெரியும்?" என்று பிறகு என்னிடம் கேட்டார்.

ஜிஎஸ்டி எண்ணைத் தெரிந்த எவருக்கும் பான் எண் தெரியும். முதல் இரண்டு இலக்கம் மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அதற்கடுத்த பத்து எழுத்துகளும் இலக்கங்களும் அப்படியே உரிமையாளரின் பான். ஜிஎஸ்டி எண்ணைக் கடைப் பலகையில் எழுத வேண்டும் என்பது சட்டம். ஒவ்வொரு பில்லிலும் அது அச்சாகிறது, பக்கத்திலேயே கடையின் மொபைல் எண்ணும் இருக்கிறது. ஜிஎஸ்டி தளத்தில் எண்ணைப் போட்டால் உரிமையாளர் பெயர், கடைப் பெயர், பதிவு செய்த தேதி எல்லாம் வந்துவிடும். ஒரே ஒரு பழைய பில் கையில் இருந்தால் போதும், அந்தப் பெண் பேசிய அத்தனையையும் யாரும் பேசலாம்.

அவர் சொன்ன சலுகைகள் நான்கு. ஆயுளுக்கும் வாடகை இல்லை. எந்தக் கார்டைத் தேய்த்தாலும், கிரெடிட் கார்டு உட்பட, கட்டணம் பூஜ்யம். வெளிநாட்டுக் கார்டும் போகும். விற்ற பணம் அன்று மாலையே கணக்கில் விழும். இதற்கெல்லாம் திருப்பித் தரக்கூடிய டெபாசிட் 4,999 ரூபாய், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி, மொத்தம் 5,899. கடைசியில் அவரே ஒரு எச்சரிக்கையும் கொடுத்தார்: "ஓடிபி மட்டும் யாருக்கும் சொல்லிடாதீங்க சார், நாங்க கேட்கவே மாட்டோம்." அவர்கள் கடைசிவரை ஓடிபி கேட்கவில்லை என்பது உண்மை. ஓடிபி கேட்டால் மோசடி என்று படித்துப் படித்துப் பழகியவருக்கு, கேட்காததே நம்பிக்கையாகிவிட்டது.

வாட்ஸ்அப்பில் வங்கி முத்திரை போட்ட ஓர் ஒப்புதல் கடிதம் வந்தது. பான், ஆதார், ஜிஎஸ்டி சான்றிதழ், கேன்சல் செய்த காசோலை, கடை முகப்பின் படம் ஆகியவற்றைக் கேட்டார்கள். உண்மையான வங்கியும் இவற்றையேதான் கேட்கும் என்பதால் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்பினார். அடுத்து ஒரு க்யூஆர் வந்தது. ஸ்கேன் செய்தபோது திரையில் வங்கியின் பெயர் வரவில்லை, ஏதோ ஒரு 'எண்டர்பிரைசஸ்' பெயர் வந்தது. கேட்டதற்கு, "அது எங்க கலெக்‌ஷன் ஏஜென்ட் சார்" என்றார்கள். 5,899 ரூபாயைக் கட்டினார். பத்து நிமிடத்தில் ரசீதும் வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை வேறொரு ஆள் பேசினார். மெஷின் கூரியரில் கிளம்பிவிட்டதாம், வழியில் உடைந்தால் யார் பொறுப்பு, அதனால் இன்சூரன்ஸ் 3,000, ஜிஎஸ்டியோடு 3,540. அதுவும் திரும்பி வரும். ஒரு கூரியர் எண்ணும் கொடுத்தார். புதன்கிழமை மாலை மூன்றாவது கோரிக்கை. வெளிநாட்டுக் கார்டை இயக்கிவிட 10,000, ஜிஎஸ்டியோடு 11,800. அந்த வாரம் மலேசியாவிலிருந்து ஒரு குடும்பம் சொல்லிவைத்த விளக்குகளை எடுக்க வரவிருந்தது. அதை நினைத்துத்தான் இதையும் கட்டினார். கட்டிய ஒரு மணி நேரத்தில் மறுபடி போன்: உங்கள் விண்ணப்பத்தில் ஒரு தவறு, மெஷின் அனுப்ப முடியாது, பணத்தை முழுசாகத் திருப்பித் தருகிறோம், ஆனால் ஃபைலை மூட 18,000 கட்ட வேண்டும், அதையும் சேர்த்தே திருப்பித் தருவோம்.

இந்த வகை மோசடியின் அமைப்பே இதுதான். முதல் தொகை சிறியதாக, கடைக்காரர் யாரிடமும் கலந்து பேசத் தேவையில்லாத அளவில் இருக்கும். அதன்பிறகு வரும் ஒவ்வொரு கோரிக்கையும் ஏற்கனவே கட்டியதைக் காப்பாற்றுவதற்காக வரும். நான்காவது கட்டத்தில் மெஷின் என்ற பேச்சே போய்விடும். போன பணத்தை மீட்கப் பணம் கட்டு என்பது மட்டும் நிற்கும்.

18,000 அனுப்பக் கணக்கில் பணம் போதாமல் மகளிடம் கேட்டார். அவள் போனை வாங்கி முந்தைய மூன்று பரிமாற்றங்களையும் பார்த்துவிட்டு, "அப்பா, மூணு தடவையும் மூணு வேற பேருக்குப் போயிருக்கு. இதுல வங்கி எங்க இருக்கு?" என்று கேட்டாள். அப்புறம்தான் எனக்குக் கூப்பிட்டார்கள்.

வியாழக்கிழமை காலை அந்த ரசீதை என் மேசையில் வைத்துப் பார்த்தேன். நிறுவனத்தின் முகவரி பெங்களூரு என்று இருந்தது. ஜிஎஸ்டி எண்ணோ 09ல் தொடங்கியது. 09 உத்தரப் பிரதேசம், கர்நாடகத்துக்கு 29. services.gst.gov.in தளத்தில் உள்நுழையாமலே Search Taxpayer பகுதியில் எண்ணைப் போட்டுப் பார்த்தால், அது வேறு யாரோ ஒருவருடைய, ரத்து செய்யப்பட்ட பதிவு. யாரோ ஒரு வியாபாரியின் எண்ணை எடுத்து அச்சடித்திருக்கிறார்கள். நம் கடைக்காரரின் எண்ணும் இப்படி வேறொரு ரசீதில் இருக்கலாம் என்ற பயம் எனக்கு அப்போதே வந்தது.

ரசீதில் அதைவிடத் தெளிவான ஒன்று இருந்தது. டெபாசிட்டுக்கு ஜிஎஸ்டி போட்டிருந்தார்கள். திருப்பித் தரவேண்டிய டெபாசிட், வாங்கிய நேரத்தில் விலை ஆகாது. சிஜிஎஸ்டி சட்டத்தின் 2(31) பிரிவு அதைத்தான் சொல்கிறது. பின்னால் அந்த டெபாசிட்டைக் கட்டணமாகக் கழித்துக்கொண்டால் அப்போதுதான் வரி. வாடகைக்கும் நிறுவும் கட்டணத்துக்கும் 18 சதவீதம் உண்டு, அது சரி. 'திருப்பித் தரப்படும் டெபாசிட், பிளஸ் ஜிஎஸ்டி' என்று ஒருவர் சொன்னால், ஒன்று அது டெபாசிட் இல்லை, அல்லது அவர் வரி கட்டுகிற ஆள் இல்லை.

இன்னொன்று, கிரெடிட் கார்டுக்குப் பூஜ்யக் கட்டணம். இதில் பாதி உண்மை கலந்திருப்பதால் பலர் ஏமாறுகிறார்கள். ரூபே டெபிட் கார்டுக்கும் யுபிஐக்கும் 2020 ஜனவரி 1 முதல் கடைக்காரரிடம் கட்டணம் வாங்குவதில்லை. மற்ற டெபிட் கார்டுகளுக்கு ரிசர்வ் வங்கி உச்சவரம்பு வைத்திருக்கிறது: ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்துக்குள் என்றால் 0.40 சதவீதம், அதற்கு மேல் 0.90. கிரெடிட் கார்டுக்கு அப்படி வரம்பு கிடையாது. வாடிக்கையாளருக்குக் கார்டு கொடுத்த வங்கி ஒவ்வொரு விற்பனையிலும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். மெஷின் கொடுக்கும் வங்கி அந்தப் பங்கைத் தன் கையிலிருந்து ஆயுளுக்கும் கட்டிக்கொண்டிருக்காது. ஆகவே எல்லாக் கார்டுக்கும் பூஜ்யம் என்ற பேச்சு நடக்காத காரியம்.

டெபாசிட் கேட்டாலே மோசடி என்று நான் சொல்லமாட்டேன். சில நிறுவனங்கள் நிறுவும் கட்டணமோ முன்பணமோ உண்மையாகவே வாங்குகின்றன. யாருக்குப் போகிறது, எப்போது கேட்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். வங்கி என்றால் பெரும்பாலும் உங்கள் கணக்கிலிருந்தே கழித்துக்கொள்ளும். மற்ற நிறுவனம் என்றால் ஒப்பந்தம் கையெழுத்தானபிறகு நிறுவனத்தின் சொந்தப் பெயரில் உள்ள கணக்குக்குக் கேட்கும். ஆள் நேரில் வராமல், ஒப்பந்தம் இல்லாமல், கடைக்கென்று தரப்படும் அடையாள எண்ணான மெர்ச்சன்ட் ஐடி உருவாகாமல், முதல் அழைப்பிலேயே, வேறொரு பெயருக்குப் பணம் என்றால் போனை வைத்துவிடலாம். ஆன்லைன் கேட்வே என்று பேசினாலும் இதே கதைதான். கடைக்காரர்களுக்காக வாடிக்கையாளரிடம் ஆன்லைனில் பணம் வாங்கிக் கொடுக்கும் பேமென்ட் அக்ரிகேட்டர் நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கியின் அனுமதி வேண்டும், அனுமதி பெற்றவற்றின் பட்டியல் ரிசர்வ் வங்கித் தளத்தில் இருக்கிறது. பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் போதாது, கூப்பிட்ட ஆள் அந்த நிறுவனத்தின் ஆள்தானா என்பது தனிக் கேள்வி. பெயரைக் குறித்துக்கொண்டு, நிறுவனத்தின் தளத்தில் இருக்கும் எண்ணுக்கு நாமே கூப்பிட வேண்டும். வங்கிகளின் தளங்கள் இப்போது .bank.in என்று முடிவதால் போலித் தளத்தைப் பிரித்துப் பார்ப்பதும் சுலபமாகியிருக்கிறது.

அன்று காலையே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்குப் பேசினோம். அவர்கள் முதலில் கேட்டது ஒவ்வொரு யுபிஐ பரிமாற்றத்தின் பன்னிரண்டு இலக்க எண். அதைப் பணம் அனுப்பிய செயலியின் வரலாற்றில் எடுத்து முன்கூட்டியே எழுதி வைத்திருந்ததால் பேச்சு சீக்கிரம் முடிந்தது. ஒப்புகை எண் வந்ததும் cybercrime.gov.in தளத்தில் முழு விவரத்தையும் ஏற்றினோம்: க்யூஆர் படம், ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், அழைத்த எண்கள். கடைக்காரர் கோபத்தில் அந்த உரையாடலை அழித்துவிட இருந்தார், நல்லவேளை மகள் விடவில்லை.

1930ல் சொன்னால் பணம் போன வங்கிக்குத் தகவல் போகும். அந்தப் பணம் கணக்கில் இன்னும் இருந்தால் அதை நிறுத்தி வைப்பார்கள். திங்கள், செவ்வாய்க்கிழமைத் தொகைகள் சில நிமிடங்களிலேயே வேறு கணக்குகளுக்குப் போய் ஏடிஎம்மில் எடுக்கப்பட்டிருந்தன. புதன்கிழமை போன 11,800ல் 7,000 மட்டும் சிக்கியது. முந்தைய இரவே கூப்பிட்டிருந்தால் கூடுதலாகச் சிக்கியிருக்கும் என்று நினைக்கிறேன். இரவிலும் 1930 இயங்குகிறது. விடிந்ததும் பார்த்துக்கொள்வோம் என்று காத்திருப்பதில்தான் பணம் கைமாறிவிடுகிறது.

வங்கியில் அவர் இன்னொன்றையும் எதிர்பார்த்தார். மூன்று நாளுக்குள் புகார் கொடுத்தால் பணம் முழுவதும் வந்துவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். 2017ல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட அந்த விதி, கணக்கு வைத்திருப்பவரின் அனுமதி இல்லாமல் நடந்த பரிமாற்றத்துக்கானது. இங்கே அவரே பின் நம்பரைப் போட்டு அனுப்பியிருக்கிறார். வங்கி கையை விரித்தது, சட்டப்படி அது சொன்னது சரிதான். நிறுத்தி வைத்த 7,000 ரூபாயைப் பெற மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனு போட்டோம். காவல்துறை ஏமாற்றுதலுக்கான பாரதிய நியாய சன்ஹிதா 318(4), ஆள்மாறாட்டத்துக்கான தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி ஆகிய பிரிவுகளில் வழக்குப் பதிந்தது.

நான் முதலில் சொன்ன கவலைக்கு வருகிறேன். பணம் போனது ஒரு பக்கம், கடைக்காரரின் பான், ஆதார், ஜிஎஸ்டி சான்றிதழ், காசோலை, கடைப் படம் எல்லாம் ஒரே கட்டாக அவர்களிடம் இருந்தது. ஒரு கேட்வே நிறுவனத்தில் வியாபாரியாகப் பதிவு செய்ய இந்தக் கட்டு கிட்டத்தட்ட போதும். கடையின் பெயரில் அப்படி ஒரு மெர்ச்சன்ட் கணக்கைத் திறந்து, வேறு யாரையோ ஏமாற்றிய பணத்தை அதன் வழியாக ஓட்டினால், புகார் வரும்போது கடைக்காரர் பெயர்தான் முன்னால் நிற்கும். அவருடைய வங்கிக் கணக்கு முடக்கப்படும். வராத விற்பனைக்கு வரித்துறையும் கணக்குக் கேட்கும்.

அதனால் தினமும் வங்கிக் கணக்குப் பதிவைப் பார்க்கச் சொல்லியிருந்தேன், குறிப்பாக வரவில் ஒரு ரூபாய் வருகிறதா என்று. புதிய வியாபாரியைச் சேர்க்கும் நிறுவனங்கள் வங்கிக் கணக்கைச் சரிபார்க்க ஒரு ரூபாய் அனுப்பிப் பார்ப்பதுண்டு. அனுப்பியதும் கணக்கு வைத்திருப்பவரின் பெயர் அவர்களுக்குத் தெரிந்துவிடும். மூன்று வாரம் கழித்து அந்த ஒரு ரூபாய் வந்தது. விளக்கத்தில் இவர் கேள்விப்பட்டே இராத ஒரு பேமென்ட் நிறுவனத்தின் பெயர். சாதாரணமாக இதை யாரும் கவனிக்கமாட்டார்கள், கவனித்தாலும் ஏதோ ஒரு ரூபாய் என்று விட்டுவிடுவார்கள்.

அன்றே அந்த நிறுவனத்தின் தளத்தில் குறைதீர்க்கும் அதிகாரியின் மின்னஞ்சலைத் தேடி எடுத்து எழுதினோம். கடையின் பெயர், பான் எண், புகாரின் ஒப்புகை எண், 'இந்த விண்ணப்பம் நாங்கள் கொடுத்ததல்ல' என்ற ஒரு வாக்கியம், வழக்கின் நகல், அவ்வளவுதான் கடிதம். இரண்டு நாளில் பதில் வந்தது. கடையின் பெயரில் விண்ணப்பம் ஒன்று பாதியில் நின்றிருந்தது உண்மை, அதை நிராகரித்துவிட்டோம் என்று எழுதியிருந்தார்கள். அந்தப் பதிலைக் காவல்நிலையத்திலும் கொடுத்துக் கோப்பில் சேர்க்க வைத்தோம். நாளை வேறு எங்காவது இதே பெயரில் ஏதாவது நடந்தால், இவர் முன்கூட்டியே எச்சரித்ததற்கு அது சாட்சி.

கூடவே செய்தவற்றில் இரண்டைச் சொல்கிறேன். ஆதாரின் கைரேகை வசதியைப் பூட்டினோம். கடன் தகவல் அறிக்கையை எடுத்து இவர் பெயரில் புதுக் கடன் விண்ணப்பம் இருக்கிறதா என்று பார்த்தோம். சிபில் உட்பட நான்கு நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாகத் தரவேண்டும் என்பதால், மூன்று மாதத்துக்கு ஒரு நிறுவனம் என்று பிரித்து எடுக்கிறோம். ஒரே நாளில் நான்கையும் எடுத்துவிட்டால் பிறகு வருவது தெரியாது. இப்போது எந்த நகலைக் கொடுத்தாலும் அதன் குறுக்கே யாருக்கு, எதற்கு, எந்தத் தேதியில் என்று எழுதித்தான் கொடுக்கிறார்.

கார்டு மெஷின் ஆசையை அவர் விடவில்லை, விடவும் கூடாது. நடப்புக் கணக்கு இருக்கும் கிளைக்கே போய் விண்ணப்பித்தார். வங்கி ஊழியர் கடைக்கு வந்து பலகையோடு சேர்த்துப் படம் எடுத்தார். ஒப்பந்தத்தில் கார்டு வாரியாகக் கட்டணம் தனித்தனியாக இருந்தது, மாத வாடகை கணக்கிலிருந்து கழியும் என்றும் இருந்தது. வெளிநாட்டுக் கார்டுக்குக் கட்டணம் கூடுதல், தனியாகக் கேட்டுத்தான் இயக்கிக்கொள்ள வேண்டும். கையில் ஒரு பைசா வாங்கவில்லை. சில நாள் கழித்து மெர்ச்சன்ட் ஐடி, டெர்மினல் ஐடி இரண்டும் வந்தன, அதற்கப்புறம்தான் மெஷின் வந்தது.

மெஷின் வந்த அன்று நிறுவ வந்தவரை உடனே அனுப்பிவிடாமல் ஒரு ரூபாய்க்குத் தேய்த்துப் பார்த்தோம். மெஷினே கைக்கு வந்துவிட்டாலும் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. வேறொருவர் கணக்கோடு இணைத்த மெஷினைக் கொண்டுவந்து வைத்துவிட்டால், கடையில் தேய்க்கும் பணமெல்லாம் அங்கே போய்ச் சேரும். ஆகவே வெளியே வந்த சீட்டில் கடைப் பெயர், ஊர், வங்கியின் பெயர், இரண்டு ஐடி எண்கள் ஆகியவற்றை ஒப்பந்தத்தோடு வைத்துப் பார்த்தோம். எல்லாம் பொருந்தின. மறுநாள் அந்தப் பணம் கணக்கில் விழுந்ததையும் பார்த்தபிறகுதான் மெஷினை கல்லாவுக்குப் பக்கத்தில் நிரந்தரமாக வைத்தார்.

முதல் பெரிய விற்பனை 38,500 ரூபாய், கிரெடிட் கார்டில். ஒப்பந்தப்படி கட்டணம் 1.8 சதவீதம், அதாவது 693 ரூபாய். அந்தக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி 124 ரூபாய் 74 காசு. மறுநாள் கணக்கில் வந்தது 37,682 ரூபாய் 26 காசு. 817 ரூபாய் போய்விட்டதே என்று அவர் கேட்டார். அதில் 124 ரூபாய் 74 காசை உள்ளீட்டு வரியாக, அவர் கட்டவேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம், அந்த மாதத்து ரிட்டர்னில் சேர்த்துவிட்டேன். மீதி 693 அவர் விளக்கின் விலையில் போட்டுக் கணக்குப் பார்க்க வேண்டிய செலவு.